ஷானன் எண் ஒன்றாக வந்தால் இரண்டு இடமும் ஒன்றா?

"பென்னாகரம் பக்கம் இரண்டு இடத்தில் தலா 20 குவாட்ராட், 1 மீட்டருக்கு 1 மீட்டர், போட்டுச் செடிகளை எண்ணினேன். ரோட்டோரப் புறம்போக்கில் 12 இனம், 200 செடி. கரட்டு அடிவாரத்தில் 6 இனம், 120 செடி. ஷானன் குறியீடு முதல் இடத்துக்கு 1.68, இரண்டாவதுக்கு 1.70 வருகிறது. இனம் பாதிதான், எண் மட்டும் எப்படிக் குறையவில்லை? எக்செல்லில் எங்காவது தப்பு விட்டேனா? இரண்டும் ஒரே அளவு பன்மை என்று ப்ராஜெக்டில் எழுதலாமா? பட்டியலைக் கீழே போட்டிருக்கிறேன்."

நீங்கள் தப்பு எதுவும் விடவில்லை. உங்கள் பட்டியலை எடுத்து நானும் கையால் போட்டுப் பார்த்தேன், அதே எண்கள்தான் வருகின்றன. ஆனால் ஒரே அளவு பன்மை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு எண்களும் வேறுவேறு வழியில் வந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. உங்கள் தரவில் சொல்லத் தகுந்த விஷயமே அந்த வழிகள்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கரடுகளில் மாணவர்களோடு பல வருடம் கட்டம் போட்டு எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ப்ராஜெக்டுகளில் நான் அதிகம் பார்ப்பது கணக்குப் பிழை இல்லை, சரியாகப் போட்ட கணக்கைத் தவறாகப் படிப்பது.

முதலில் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். உங்கள் புறம்போக்குப் பட்டியல் இப்படி இருக்கிறது: பார்த்தீனியம் 108, வெட்டுக்காயப் பூண்டு 20, நாயுருவி 15, குப்பைமேனி 13, தும்பை 11, மூக்கிரட்டை 9, குறுந்தோட்டி 8, கீழாநெல்லி 6, துத்தி 4, விஷ்ணுகிராந்தி 3, ஊமத்தை 2, எருக்கு 1. அடிவாரத்தில் கொழிஞ்சி 34, விஷ்ணுகிராந்தி 26, சிறுபீளை 22, தும்பை 16, குறுந்தோட்டி 13, நெருஞ்சி 9. ஒவ்வொரு இனத்தின் எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுத்தால் அதன் பங்கு p கிடைக்கும். அந்தப் பங்கை அதன் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லா இனத்துக்கும் கூட்டி, குறியை மாற்றினால் ஷானன் எண்:

```
H = −Σ p ln p
J = H / ln S
```

இரண்டாவது வரியில் உள்ள J என்பது பீலூ 1966ல் கொடுத்த சமத்தன்மை அளவு. S என்பது இனங்களின் எண்ணிக்கை. எல்லா இனமும் சரிசமமாக இருந்தால் H எவ்வளவு உயர முடியுமோ அந்த உச்சம்தான் ln S. அந்த உச்சத்தில் எத்தனை பங்கை உங்கள் இடம் எட்டியிருக்கிறது என்பதை J காட்டுகிறது.

பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200ல் 108, அதாவது பங்கு 0.54. அதன் மடக்கை −0.616. பெருக்கிக் குறியை மாற்றினால் 0.333. மொத்த 1.68ல் பார்த்தீனியம் கொடுப்பது அவ்வளவுதான். மீதி 1.35ஐக் கொடுப்பவை மற்ற 11 இனங்கள். செடிகளில் அவற்றின் பங்கு பாதிக்கும் குறைவு, 46 சதவீதம். ஆனால் குறியீட்டில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றுடையது. ஷானன் குறியீட்டின் சுபாவமே இதுதான். ஒரு செடியைக் கண்ணை மூடிப் பிடுங்கினால் அது என்ன இனமாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அது அளக்கிறது. புறம்போக்கில் "பார்த்தீனியம்" என்று சொல்லிவிட்டால் நூற்றுக்கு 54 முறை சரியாக இருக்கும். அது தவறும்போது மட்டும் 11 பெயர்களில் எது என்று திண்டாட வேண்டும். அடிவாரத்தில் ஆறே பெயர்கள், ஆனால் எதைச் சொன்னாலும் தவறும் வாய்ப்பு அதிகம். கொழிஞ்சி என்று சொன்னாலும் நூற்றுக்கு 28 முறைதான் சரி. ஒன்றில் நீண்ட வால், இன்னொன்றில் சமமான தலை. இரண்டும் ஏறத்தாழ ஒரே கூட்டுத்தொகையில் முடிந்திருக்கின்றன.

சமத்தன்மையைத் தனியே எடுத்தால் இது உடனே வெளிப்படும். புறம்போக்கில் 1.68ஐ ln 12, அதாவது 2.48ஆல் வகுத்தால் J = 0.68. அடிவாரத்தில் 1.70ஐ ln 6, அதாவது 1.79ஆல் வகுத்தால் J = 0.95. முதல் இடத்தில் இனங்கள் நிறைய, பகிர்வு கோணல். இரண்டாவதில் இனங்கள் குறைவு, பகிர்வு கிட்டத்தட்டச் சமம். H ஒன்றை மட்டும் பட்டியலில் போட்டால் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன.

ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். புறம்போக்குப் பட்டியலிலிருந்து பார்த்தீனியத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதி 92 செடிகளுக்குக் கணக்குப் போடுங்கள். H = 2.16, J = 0.90 வரும். ஆக, அந்த இடத்தின் கோணலில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒரே ஒரு இனம். மற்ற 11ம் தங்களுக்குள் ஓரளவு சமமாகவே இருக்கின்றன. இது கணக்கு மட்டும் சொல்லும் செய்தி. பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் 2.16க்குப் போய்விடும் என்று இதிலிருந்து எழுதக் கூடாது. பிடுங்கிய இடத்தில் எது முளைக்கும் என்பது மண்ணில் கிடக்கும் விதையையும் மேய்ச்சலையும் பொறுத்தது, உங்கள் பட்டியலில் அது இல்லை.

சிம்ப்சன் குறியீட்டையும் சேர்த்துப் போடுங்கள் என்பேன். 1949ல் வந்தது, கணக்கும் எளிது: பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். இரண்டு செடிகளை எடுத்தால் இரண்டும் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு அந்தக் கூட்டுத்தொகை. புறம்போக்கில் 0.32, அடிவாரத்தில் 0.20. வர்க்கப்படுத்துவதால் பெரிய பங்கு இன்னும் பெரிதாகத் தெரியும், சின்னப் பங்குகள் மறைந்துபோகும். அதனால்தான் ஷானனுக்குத் தெரியாத வித்தியாசம் இதற்குத் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: சிலர் இந்தக் கூட்டுத்தொகையையே சிம்ப்சன் என்பார்கள், சிலர் 1லிருந்து அதைக் கழித்து, சிலர் 1ஐ அதனால் வகுத்து அதையும் சிம்ப்சன் என்பார்கள். முதலாவது கூடினால் பன்மை குறைவு, மற்ற இரண்டும் கூடினால் பன்மை அதிகம். எதைப் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதாவிட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இந்த எண்களை எல்லாம் ஒரே அலகுக்குக் கொண்டுவர ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹில் என்பவர் 1973ல் காட்டியது. ஷானன் எண்ணை e-யின் அடுக்காக ஏற்றுங்கள், சிம்ப்சன் கூட்டுத்தொகையால் 1ஐ வகுங்கள். கிடைப்பவை "சரிசமமாக இருந்தால் இத்தனை இனத்துக்குச் சமம்" என்ற பொருள் தரும் எண்கள். புறம்போக்கில் இனங்கள் 12, ஷானன் வழியில் 5.4, சிம்ப்சன் வழியில் 3.1. அடிவாரத்தில் 6, 5.5, 5.1. இந்த ஆறு எண்களையும் இரண்டு வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் வரிசை 12லிருந்து 3க்குச் சரிகிறது, இரண்டாவது ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது. அந்தச் சரிவுதான் சமத்தன்மைக் குறைவு. இரண்டு வரிசையும் ஒன்றையொன்று வெட்டிப் போவதால் "எந்த இடம் அதிகப் பன்மை" என்ற கேள்விக்கு ஒற்றை விடையே இல்லை. அரிதான இனத்துக்கும் சமமதிப்புக் கொடுத்தால் புறம்போக்கு, அதிகமாக இருக்கும் இனங்களைப் பார்த்தால் அடிவாரம். உங்கள் இரண்டு ஷானன் எண்களும் சரியாக அந்த வெட்டும் புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கின்றன. வேறு எங்கே விழுந்திருந்தாலும் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

1.68, 1.70 என்ற அந்த 0.02 வித்தியாசத்துக்கும் எந்தப் பொருளும் கொடுக்க வேண்டாம். 200 செடிகளில் எடுத்த ஷானன் எண்ணுக்கு, உங்கள் புறம்போக்குத் தரவின்படி, திட்டப் பிழையே சுமார் 0.09 வருகிறது. அதுவும் ஒவ்வொரு செடியும் தனித்தனியாகத் தற்செயலாக அகப்பட்டது என்று வைத்துக்கொண்டால். குவாட்ராட்டில் அது உண்மை இல்லை, ஒரு கட்டத்தில் ஒரு பார்த்தீனியம் இருந்தால் பக்கத்தில் பத்து இருக்கும். ஆகவே உண்மையான பிழை இதைவிடப் பெரிது. சரியான வழி, செடிகளை அல்ல, கட்டங்களை அலகாக வைத்து மறுமாதிரி எடுத்துப் பார்ப்பது, அதாவது 20 கட்டங்களிலிருந்து தற்செயலாகத் திரும்பத் திரும்ப எடுத்து ஒவ்வொரு முறையும் H போடுவது.

புறம்போக்கில் 200 செடி, அடிவாரத்தில் 120. அதிகம் எண்ணினால் அதிக இனம் அகப்படும் என்பதால், 12க்கும் 6க்கும் உள்ள வித்தியாசமே எண்ணிக்கையால் வந்ததோ என்று யாராவது கேட்கலாம், வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். அதையும் பார்த்துவிட்டேன். புறம்போக்கின் 200லிருந்து தற்செயலாக 120 செடிகளை மட்டும் எடுத்தால் சராசரியாக 11.3 இனம் வரும். ஒரு எருக்கோ ஊமத்தையோ தவறலாம், அவ்வளவுதான். ஆக, அங்கே இனம் அதிகம் என்பது நிற்கும்.

இதுவரை சொன்னது எண்ணிக்கை சரி என்றால் உறுதியாக நிற்கும். இனி, அதற்குச் சூழலியல் பொருள் கொடுக்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் நிதானம் வேண்டும். சமத்தன்மை குறைவு என்றால் இடம் கெட்டுவிட்டது, கூடுதல் என்றால் நலமாக இருக்கிறது என்று பலர் வாய்ப்பாடு போல எழுதுகிறார்கள். அப்படி எழுத முடியாது. விராலி மண்டிக் கிடக்கும் கரட்டுச் சரிவுகள் நம் பக்கம் எத்தனையோ உண்டு, நம் மண்ணின் புதர்தான், அங்கே கட்டம் போட்டாலும் சமத்தன்மை குறைவாகத்தான் வரும். மறுபக்கம், உங்கள் அடிவாரப் பட்டியலை உற்றுப் பாருங்கள். முதலிடத்தில் இருக்கும் கொழிஞ்சி ஆடு மாடு அவ்வளவாக வாய்வைக்காத செடி. நெருஞ்சியின் முள்ளைச் சொல்லவே வேண்டாம், காய்ந்த மேய்ச்சல் தரையில் தரையோடு படர்ந்து கிடப்பது. கடும் மேய்ச்சலில் ருசியான செடிகள் எல்லாம் போய், தாக்குப்பிடித்த ஆறு மட்டும் சமமாக மிஞ்சியிருக்கவும் கூடும். அப்படியானால் 0.95 என்ற அழகான சமத்தன்மை ஒரு இழப்பின் அடையாளம். அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த எண் இரண்டு கதைக்கும் பொருந்தும் என்பதுதான் செய்தி. அதைத் தீர்க்க, மேய்ச்சல் புகாத இடம் ஒன்றில், அதே மண், அதே சரிவில், கட்டம் போட்டு ஒப்பிட வேண்டும்.

புறம்போக்கிலும் இதே நிதானம் வேண்டும். குறியீட்டுக்கு இனத்தின் பெயர் தெரியாது. 108 பார்த்தீனியம் இருந்தாலும் 108 கொழிஞ்சி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பார்த்தீனியம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை, இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் சாற்றிலுள்ள பார்த்தெனின் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதை வைத்து "பார்த்தீனியம் மற்ற செடிகளை ஒடுக்கிவிட்டது" என்று உங்கள் 20 கட்டங்களிலிருந்து எழுத முடியாது. ரோட்டோரத்தில் மண் கிளறப்பட்டதால் பார்த்தீனியமும் வந்திருக்கலாம், அதே கிளறலால்தான் ஊமத்தை, எருக்கு, குப்பைமேனி என்று 12 வகை வந்து சேர்ந்திருக்கவும் செய்யலாம். இரண்டாம் இடத்தில் இருக்கும் வெட்டுக்காயப் பூண்டும் வெளியிலிருந்து வந்ததுதான் என்பதைக் கவனியுங்கள். "ஒரே இனம் பாதிக்கு மேல், அது அயல் களை" என்பது வரை உறுதி. "அதனால் மற்றவை குறைந்தன" என்பது ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

J பற்றி ஒரு குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது S-ஐ நம்பி நிற்கிறது, S-ஓ ஒற்றைச் செடியை நம்பி நிற்கிறது. அந்த ஒரே ஒரு எருக்கு உங்கள் கட்டத்துக்கு ஒரு சாண் வெளியே முளைத்திருந்தால் இனம் 11 ஆகும், H 1.66க்கு இறங்கும், J மட்டும் 0.68லிருந்து 0.69க்கு ஏறும். ஒரு இனத்தைத் தவறவிட்டதற்குச் சமத்தன்மை கூடுகிறது! மாறுதல் சிறியதுதான், ஆனால் திசை தவறு. அவசரமாக எண்ணி நாலைந்து அரிய இனங்களைத் தவறவிட்டால் இந்த ஏற்றம் கண்ணில் படும் அளவுக்கு வரும். சிம்ப்சன் வழி எண்ணில் எருக்கு போனால் 3.13, 3.10 ஆகும், அவ்வளவே. எனவே J-ஐ எப்போதும் S-ஓடு சேர்த்தே கொடுங்கள்.

எக்செல்லைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். எண்ணிக்கை B2 முதல் B13 வரை இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=-SUMPRODUCT(B2:B13/SUM(B2:B13),LN(B2:B13/SUM(B2:B13)))
```

ஏதாவது ஒரு செல்லில் 0 இருந்தால் #NUM! என்று காட்டும், 0 உள்ள வரிசையை விட்டுவிடுங்கள். LN-க்குப் பதில் LOG என்று அடித்தால் எக்செல் 10 அடிமான மடக்கையை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 0.73, 0.74 என்று வந்திருக்கும். அடிமானம் எதுவானாலும் J மாறாது, H-க்கும் ln S-க்கும் ஒரே அடிமானம் போட்டிருந்தால். J 1ஐத் தாண்டினால் கணக்கில் பிழை என்று அர்த்தம், அடிமானம் கலந்துவிட்டதா, S தப்பா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள் எனக்கு வேண்டும். அந்த 108 பார்த்தீனியத்தில் இரண்டு இலை, நான்கு இலை விட்ட நாற்றுகள் எத்தனை? மழைக்குப் பின் அவை கொத்துக் கொத்தாக முளைத்து, பல தாமாகவே செத்துப் போகும். நீங்கள் எண்ணியது மழை முடிந்து இரண்டு வாரத்துக்குள் என்றால், கோணலில் ஒரு பகுதி அந்த நாற்றுகளால் வந்திருக்கலாம். இடுப்பளவு செடியும் விரல்நுனி அளவு நாற்றும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். முடிந்தால் நாற்றுக்கும் வளர்ந்த செடிக்கும் தனி வரிசை போட்டு இரண்டு முறை கணக்கிடுங்கள். பட்டியலில் புல் ஒன்றுமே இல்லை என்பதையும் பார்த்தேன். அருகம்புல் போன்றவற்றில் எது ஒரு செடி என்று பிரிக்க முடியாததால் விட்டிருப்பீர்கள், அது நியாயமே. ஆனால் "புல் நீங்கலாக" என்று முறைமைப் பகுதியில் எழுதியாக வேண்டும். அடுத்த முறை எண்ணிக்கையோடு, கட்டத்தில் எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கிறது என்றும் குறித்தால் புல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்த 108ம் 20 கட்டங்களில் எத்தனையில் இருந்தன? எல்லாக் கட்டத்தையும் கூட்டிப் போட்ட குறியீட்டில் இது தெரியாது. 17, 18 கட்டங்களில் ஐந்தாறாகப் பரவியிருந்தால் இடம் முழுவதும் ஒரே இனத்தின் கையில் இருக்கிறது. நாலு கட்டத்தில் குவிந்து மற்ற 16ல் இல்லவே இல்லை என்றால், குப்பைக் குழியோ பட்டியோ அருகில் ஒரு திட்டு இருக்கிறது, மீதி இடத்தின் சமத்தன்மை 0.90க்குப் பக்கத்தில். இரண்டுக்கும் கூட்டுக் கணக்கில் J 0.68தான் வரும். கட்டவாரியான தாளை அனுப்புங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.